நாணயத்தைக் கறுப்பாக்கும் கண்ணாடி

முப்பரிமாணப் படம் பார்க்கப் போனபோது தியேட்டரில் கொடுத்த கண்ணாடி ஒன்று பல வீடுகளின் மேசை இழுப்பறையில் கிடக்கும். பேட்டரியோ சுவிட்சோ இல்லாத, எடையே தெரியாத பிளாஸ்டிக் கண்ணாடி என்றால் அதை வெளியே எடுங்கள். பளபளப்பான நாணயம் ஒன்றை மேசைமேல் வைத்து, ஒரு பக்கத்துச் சில்லால் அதை முழுசாக மூடுங்கள். வழக்கமாகத் திரையைப் பார்க்கும் வெளிமுகம் இப்போது நாணயத்தைப் பார்க்க வேண்டும். நாணயம் ஏறக்குறையக் கறுத்துவிடும். அதே சில்லைத் திருப்பி, கண்பக்கத்து முகம் நாணயத்தின்மேல் படும்படி வையுங்கள். நாணயம் கொஞ்சம் மங்கலாக, ஆனால் தெளிவாகத் தெரியும்.

ஒரே சில்லு, ஒரே விளக்கு, ஒரே நாணயம். ஒரு பக்கம் வைத்தால் இருட்டு, மறுபக்கம் வைத்தால் வெளிச்சம். சாயம் பூசிய கண்ணாடியால் இதைச் செய்ய முடியாது. சாயத்துக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் நாணயம் ஒரே மாதிரித் தெரிந்தால், உங்களிடம் இருப்பது வேறு வகைக் கண்ணாடி என்று பொருள்.

அந்தச் சில்லில் இரண்டு அடுக்குகள் உண்டு. கண்பக்கம் இருப்பது போலராய்டு. கூலிங் கிளாஸ் விற்பவர்கள் வாயிலும் புழங்கும் பெயர்தான். வெளிப்பக்கம் ஒட்டியிருப்பது நிறமே இல்லாத, கண்ணுக்குப் புலப்படாத ஒரு மெல்லிய படலம். அது ஒளியை விழுங்குவதில்லை, வடிகட்டுவதும் இல்லை. உள்ளே போன வெளிச்சம் கிட்டத்தட்ட அப்படியே வெளியே வரும். அதன் வேலை ஒன்றே ஒன்று: ஒளியின் ஒரு பாதியை மற்றப் பாதியைவிடக் கொஞ்சம் தாமதப்படுத்துவது. அந்தத் தாமதம் ஓர் அலையின் காற்பங்கு என்பதால் அதற்குக் கால் அலைத் தகடு என்று பெயர். அரைப்பங்கு தாமதப்படுத்துவது அரை அலைத் தகடு. நாணயம் ஏன் கறுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இரண்டு தகடுகளும் புரிந்துவிடும். ஏனென்றால் அந்தச் சின்னச் சோதனையில் கால் தகடு ஒன்றுதான் இருக்கிறது என்றாலும், வேலை செய்வது அரைத் தகடு.

ஒளி போகும் திசைக்குக் குறுக்கே ஒரு மின்புலம் இடைவிடாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. சூரியனிலிருந்தோ விளக்கிலிருந்தோ வரும் ஒளியில் அந்த ஆட்டத்துக்கு நிலையான திசை கிடையாது. கணத்துக்குக் கணம் மாறும். அமெரிக்கரான எட்வின் லேண்ட் 1929-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த போலராய்டுத் தாள், ஒரு திசையில் ஆடும் பகுதியை மட்டும் விட்டு மற்றதை உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே வரும் ஒளி ஒரே கோட்டில் ஆடும். பள்ளிப் பாடநூல் இதைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறது. நமக்கு இங்கே நேர்கோட்டு ஒளி என்ற சொல் போதும்.

நேர்கோட்டு ஒளியை மேலும் கீழுமாக ஓர் ஆட்டம், இடமும் வலமுமாக இன்னோர் ஆட்டம் என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்தே தொடங்கி, சேர்ந்தே உச்சம் தொட்டு, சேர்ந்தே திரும்பினால், கூட்டிப் பார்க்கும்போது சாய்வான ஒரு கோடு கிடைக்கும். ஒன்று பின்தங்கினால்?

உத்தரத்திலிருந்து நீளமான நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். கல்லை மேற்கே இழுத்து விடுங்கள். கிழக்கு மேற்காக ஆடும். அது கிழக்கு நோக்கிப் போகையில் நடுப்புள்ளியைக் கடக்கும் கணத்தில், வடக்குப் பக்கமாக அளவாக ஒரு தட்டு. இனி அது வடகிழக்குக்கும் தென்மேற்குக்கும் இடையே நேர்கோட்டில் ஆடும். இரண்டு ஆட்டமும் சேர்ந்தே ஓடுகின்றன, தாமதம் இல்லை. அதே நடுப்புள்ளியில் தெற்குப் பக்கமாகத் தட்டியிருந்தால், தென்கிழக்குக்கும் வடமேற்குக்கும் இடையே ஆடியிருக்கும். முதல் கோட்டுக்கு இது செங்குத்துக் கோடு. வடக்கு தெற்கு ஆட்டம் அரைச் சுற்றுப் பிந்தினால் நேர்வது இதுதான். இப்போது மூன்றாவது வழி. கல் கிழக்குக் கோடிக்குப் போய், திரும்புவதற்கு முன் ஒரு கணம் நிற்கும் அல்லவா, அங்கே வடக்குப் பக்கமாகத் தட்டுங்கள். தட்டின் வேகம் சரியாக அமைந்தால் கல் கோட்டை விட்டுவிட்டு வட்டமடிக்கத் தொடங்கும். ஓர் ஆட்டம் உச்சத்தில் இருக்கையில் மற்றது நடுவில் இருக்கிறது, தாமதம் காற்பங்கு. தெற்கே தட்டினால் வட்டம் எதிர்ப்புறம் சுற்றும்.

கல்லைத் தட்டுவது நம் கை. ஒளியில் அந்த வேலையைச் செய்வது படிகம். குவார்ட்ஸ், மைக்கா, கால்சைட் போன்ற படிகங்களின் உள்ளமைப்பு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு திசையில் ஆடும் ஒளி அவற்றுக்குள் சற்று விரைவாகவும், அதற்குச் செங்குத்தாக ஆடும் ஒளி சற்று மெதுவாகவும் போகும். முதல் திசை வேக அச்சு, இரண்டாவது மெது அச்சு. நீட்டி இழுத்த பிளாஸ்டிக் தாளும் இப்படித்தான் நடந்துகொள்ளும். இழுத்த பக்கம் மூலக்கூறுகள் வரிசைப்பட்டுவிடுவதால் அந்தப் பக்கத்துக்கு ஒரு வேகம், குறுக்கே வேறு வேகம். சினிமாக் கண்ணாடியில் இருப்பது இந்த வகைத் தாள்தான்.

வேக வித்தியாசம் மிகச் சிறியது. குவார்ட்ஸில் இரண்டு ஒளிவிலகல் எண்களும் 1.544, 1.553. இடைவெளி 0.009 மட்டுமே. 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் காற்பங்கு தாமதம் வேண்டுமென்றால், குவார்ட்ஸ் தகடு சுமார் 16 மைக்ரான் கனம் இருந்தால் போதும். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. அவ்வளவு மெல்லிய குவார்ட்ஸைக் கையில் எடுத்தாலே நொறுங்கிவிடும். மைக்காவில் வித்தியாசம் இன்னும் குறைவு என்பதால் சுமார் 30 மைக்ரான் தேவைப்படும். மைக்கா ஏடு ஏடாகப் பிரியக்கூடியது, வளைந்து கொடுக்கும். ஆகவே நீண்ட காலம் கால் அலைத் தகடென்றால், கத்தி முனையால் பிரித்து, சோதித்து, மறுபடி பிரித்துச் சரியான கனத்துக்குக் கொண்டுவந்த மைக்கா ஏடுதான். பாறைகளை ஆராயும் நுண்ணோக்கிகளில் மைக்காத் தகடு என்றே ஒரு செருகல் உண்டு.

இனி, தகட்டை எந்தக் கோணத்தில் வைப்பது என்ற கேள்வி. எல்லாமே இதில்தான் இருக்கிறது. அரை அலைத் தகட்டை முதலில் எடுத்துக்கொள்வோம், அது எளிது. உள்ளே வரும் ஒளி தகட்டின் அச்சோடு 10 டிகிரி சாய்ந்து ஆடுகிறது என்று வையுங்கள். அச்சோடு ஒட்டிய பகுதி அப்படியே போகிறது. குறுக்குப் பகுதி அரை அலை பிந்துவதால், மேலே இருக்க வேண்டிய நேரத்தில் கீழே இருக்கிறது. ஆக வெளியே வரும் ஒளி அச்சின் மறுபக்கம் 10 டிகிரி சாய்ந்து ஆடும். அச்சை ஒரு கண்ணாடியாக நினைத்தால் அதில் விழுந்த பிம்பம்தான் வெளியே வருகிறது. மொத்தத் திருப்பம் 20 டிகிரி. எப்போதும் இரட்டிப்பு: 22.5 டிகிரிக்கு 45, 45 டிகிரிக்கு 90. ஒளி அச்சோடு ஒட்டியே வந்தால் பிரிவதற்கு ஒன்றுமில்லை. தகடு இருப்பதே தெரியாது.

அரை அலைத் தகடு ஒளியைச் சுழற்றுகிறது என்று பலரும் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அது முழு உண்மை இல்லை. சர்க்கரைக் கரைசல்தான் உண்மையாகவே சுழற்றும். எந்தச் சாய்வில் வந்தாலும் அதே அளவு, அதே பக்கம் திருப்பும். தகடு செய்வது பிரதிபலிப்பு. 10 டிகிரிக்கு 20, 30 டிகிரிக்கு 60, அச்சின் மறுபக்கமிருந்து வந்தால் எதிர்த்திசையில். லேசர் மேசையில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய சௌகரியம். கனமான லேசர் பெட்டியை உருட்டித் திருப்ப வேண்டியதில்லை. வளையத்தில் பொருத்திய தகட்டைக் கொஞ்சம் திருகினால் ஒளியின் சாய்வு இருமடங்கு திரும்பிவிடும்.

கால் அலைத் தகட்டில் கோணத்துக்கு இன்னும் கறாரான மதிப்பு. நேர்கோட்டு ஒளி அச்சோடு சரியாக 45 டிகிரியில் வந்தால் இரண்டு பகுதிகளும் சமம்; காற்பங்கு பிந்தியதும் மின்புலத்தின் முனை வட்டமடிக்கும். இதை வட்ட ஒளி என்போம். 45-க்குப் பதில் 20 டிகிரி என்றால் ஒரு பகுதி பெரிது, மற்றது சிறிது, வட்டம் நசுங்கி நீள்வட்டமாகிவிடும். அச்சோடு ஒட்டி வந்தால் எதுவும் நடக்காது. திரும்பிப் போகும் வழியும் இதேதான்: வட்ட ஒளியைக் கால் அலைத் தகட்டுக்குள் அனுப்பினால் நேர்கோடாக வெளியே வரும். வலப்புற வட்டம் ஒரு கோடாகும், இடப்புற வட்டம் அதற்குச் செங்குத்தான கோடாகும்.

இப்போது நாணயத்துக்கு வருவோம். விளக்கு வெளிச்சம் மேலிருந்து சில்லுக்குள் நுழைகிறது. முதலில் போலராய்டு, பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். மிஞ்சியது நேர்கோட்டு ஒளி. அடுத்த அடுக்கில் கால் அலைத் தாள், அச்சு 45 டிகிரியில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒளி வட்டமாகி நாணயத்தில் மோதித் திரும்புகிறது. மீண்டும் அதே தாளுக்குள் நுழைந்து இன்னொரு காற்பங்கு பிந்துகிறது. காலும் காலும் அரை. அதாவது போய்வந்த கணக்கில் ஒளி ஓர் அரை அலைத் தகட்டைக் கடந்திருக்கிறது, அதுவும் 45 டிகிரியில். அரைத் தகடு 45-ஐ 90 ஆக்கும் என்று பார்த்தோம். திரும்பி வந்த கோடு, போன கோட்டுக்குச் செங்குத்து. எந்தப் போலராய்டு அதை உள்ளே விட்டதோ அதே போலராய்டு இப்போது அதை முழுசாக உறிஞ்சிக்கொள்கிறது.

சில்லைத் திருப்பிப் போட்டால் ஒளி முதலில் தாளையும் பிறகு போலராய்டையும் கடக்கிறது. விளக்கு வெளிச்சத்துக்கு நிலையான திசை இல்லாததால் தாளின் தாமதத்தால் அதற்கு ஒரு மாற்றமும் இல்லை. போலராய்டை விட்டு வந்த நேர்கோட்டு ஒளி நாணயத்தில் பட்டு அதே கோட்டில் திரும்புகிறது. போலராய்டு தடுக்கவில்லை, நாணயம் தெரிகிறது.

நாணயத்துக்குப் பதில் வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். கறுக்காது. உலோகப் பரப்பில் ஒளி ஒரே மோதலில் திரும்புகிறது. அதன் ஆட்டம் கலைவதில்லை. வெள்ளைத் தாளில் இழைகளுக்கிடையே பலமுறை மோதிச் சிதறி வெளியே வரும்போது வட்டமும் இல்லை, கோடும் இல்லை. போலராய்டுக் கண்ணாடி தரும் தியேட்டர்களில் சாதாரண வெள்ளைத் திரையை மாற்றி, உலோகப் பொடி கலந்த வெள்ளித் திரை போடுவதற்கு இதுவே காரணம். வெள்ளைத் திரையில் காட்டினால் இடக்கண் படமும் வலக்கண் படமும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும்.

அந்தத் தியேட்டர்களில் இடக்கண்ணுக்கான படம் ஒருபுற வட்ட ஒளியிலும், வலக்கண்ணுக்கானது எதிர்ப்புற வட்ட ஒளியிலும் திரைக்கு வருகிறது. ரியல்டி நிறுவனத்தின் முறையில் ஒரே புரொஜெக்டரின் முன்னால் இருக்கும் திரவப் படிகச் சாளரம் நொடிக்கு 144 முறை சுற்றும் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். இவ்வளவு சிரமப்படாமல் நேர்கோட்டு ஒளியிலேயே காட்டலாம். அப்படிக் காட்டிய முறைகளும் உண்டு. சிக்கல் பார்ப்பவரின் கழுத்தில். பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசத் தலையைச் சாய்த்தால் கண்ணாடியின் கோடும் திரையின் கோடும் விலகி, ஒரு கண்ணின் படம் மற்றக் கண்ணுக்குள் கசியும். வட்டத்துக்குச் சாய்வென்று ஒன்று கிடையாது. தலையை எப்படிச் சாய்த்தாலும் வலம் சுற்றுவது வலம்தான்.

இரண்டு கண்ணாடிகள் இருந்தால் இதை நேரிலேயே காணலாம். ஒன்றின் இடச் சில்லையும் இன்னொன்றின் வலச் சில்லையும் வெளிமுகமும் வெளிமுகமும் எதிரெதிராகும்படி வைத்து, விளக்கைப் பார்த்துக்கொண்டே ஒன்றைச் சுற்றுங்கள். எந்தக் கோணத்திலும் இருட்டுதான். இடச் சில்லும் இடச் சில்லும் என்றால் எந்தக் கோணத்திலும் வெளிச்சம். சாதாரணப் போலராய்டு இரண்டை இப்படிச் சுற்றினால் 90 டிகிரிக்கு ஒருமுறை வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும்.

வட்ட ஒளியைச் சோதிக்கும்போது புதிதாக ஆய்வகத்துக்கு வருபவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. ஒளியின் முன் ஒரு போலராய்டைப் பிடித்துச் சுற்றுவார்கள். வெளிச்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வட்ட ஒளி கிடைத்துவிட்டது என்று நோட்டில் எழுதிவிடுவார்கள். சாதாரண விளக்கு வெளிச்சமும் அப்படித்தானே தெரியும்! போலராய்டு மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்கவே முடியாது. அதற்கு முன்னால் ஒரு கால் அலைத் தகட்டைச் செருக வேண்டும். வட்ட ஒளியானால் தகடு அதைக் கோடாக்கிவிடும், பிறகு போலராய்டைச் சுற்றும்போது ஓரிடத்தில் முழு இருட்டு வரும். விளக்கு வெளிச்சமானால் தகட்டுக்குப் பின்னும் எந்த மாற்றமும் தெரியாது. இருட்டு வந்தும் முழுதாக வரவில்லையென்றால் வட்டம் நசுங்கியிருக்கிறது. கோணம் 45-லிருந்து விலகியிருக்கலாம், அல்லது தகடு அந்த நிறத்துக்கு ஏற்றதாக இல்லாமலிருக்கலாம்.

இரண்டாவது காரணம்தான் ஓயாத தலைவலி. நாணயத்தை மறுபடி உற்றுப் பாருங்கள். கறுப்பென்று சொன்னேனே தவிர, நல்ல வெளிச்சத்தில் அதில் ஊதாச் சாயல் தெரியும். காற்பங்கு என்றால் எதில் காற்பங்கு? பிளாஸ்டிக் தாள் தரும் தாமதம் சுமார் 140 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், இந்த வேலைக்கு வழக்கமான அளவு அது. பச்சை ஒளியின் அலைநீளமான 560 நானோமீட்டருக்கு அது மிகச் சரியாகக் கால். 450 நானோமீட்டர் நீல ஒளிக்கு அதே 140 என்பது காலைவிட அதிகம். ஒரு முழு அலையை 360 டிகிரியாகக் கொண்டால், 90-க்குப் பதில் 112 டிகிரி. 650 நானோமீட்டர் சிவப்புக்கு 78 டிகிரிதான். நாணயத்தில் பட்டுப் போய்வரும்போது இந்தப் பிழை இரட்டிப்பாகிறது. கணக்குப் போட்டால், பச்சை முழுதாக அடைபடுகிறது. நீலத்தில் 14 சதவீதமும் சிவப்பில் 5 சதவீதம் அளவும் போலராய்டைத் தாண்டி வெளியே வருகின்றன. நீலமும் கொஞ்சம் சிவப்பும் கலந்தால் ஊதா.

கனமான குவார்ட்ஸ் தகட்டில் இந்தக் கோளாறு பல மடங்காகும். 16 மைக்ரானில் தேய்க்க முடியாதென்று 1 மில்லிமீட்டர் அளவில் தேய்த்து, பதினைந்து முழு அலையும் அதன்மேல் ஒரு காலும் பிந்தும்படி அமைப்பது ஒரு வழி. முழு அலைகள் பிந்துவதால் ஒளியின் நிலை மாறாது, மிச்சமுள்ள கால்தான் கணக்கு. ஒரே நிறமுள்ள லேசருக்கு இது சரி. நிறம் லேசாக மாறினால், அல்லது அறை சூடேறித் தகடு சற்று விரிந்தால், பதினைந்து அலைகளிலும் சேரும் பிழை அந்தக் காலையே அரித்துவிடும். அதனால் நல்ல தகடு வேண்டுபவர்கள் கொஞ்சம் கனம் வேறுபட்ட இரண்டு குவார்ட்ஸ் தகடுகளை அச்சுகள் குறுக்காக அமையும்படி ஒட்டுவார்கள். ஒன்று தரும் தாமதத்தை மற்றது கழித்துவிட, எஞ்சுவது காற்பங்கு மட்டும்.

அப்போதும் நீலம், சிவப்புப் பிரச்சினை தீர்வதில்லை. எல்லா நிறத்துக்கும் பொதுவான கால் தகடு கிடைக்குமா? பிரான்ஸின் ஃபிரெனெல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படிகத்தையே ஒதுக்கிவிட்டு ஒரு வழி கண்டார். சாய்சதுர வடிவக் கண்ணாடிக் கட்டிக்குள் ஒளியை இருமுறை முழு அக எதிரொளிப்பு அடையச் செய்தால், ஒவ்வொரு மோதலிலும் எட்டில் ஒரு பங்கு தாமதம் சேர்ந்து கால் ஆகும். நிறத்தைப் பொறுத்து அது அதிகம் மாறாது. ஆனால் அது ஒரு கட்டி. ஒளிக்கற்றை நுழைந்த கோட்டிலிருந்து விலகி வேறு கோட்டில் வெளியே வரும். அதைச் சுழற்றினால் கற்றையும் சேர்ந்து சுழலும்.

மெல்லிய தகடுகளாலேயே அதைச் செய்து காட்டியவர் எஸ். பஞ்சரத்தினம். சி.வி. ராமனின் சகோதரி மகன், 1934-ல் பிறந்தவர். பெங்களூரில் ராமன் நடத்திய ஆய்வு நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்த அவர் 1955-ல், அதாவது இருபத்தொரு வயதுப் பையனாக, இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் இதைப் பற்றி அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதினார். தனித்தனியாக எடுத்தால் நிறத்துக்கு நிறம் பிழை செய்யும் மூன்று தகடுகள், எல்லாம் ஒரே பொருள். நடுவில் இருப்பது அரை அலைத் தகடு. முன்னும் பின்னும் இருப்பவை ஒரே மாதிரியானவை, காலைவிடச் சற்றுக் கூடுதலாக, சுமார் 115 டிகிரி தாமதம் தருபவை. அவற்றின் அச்சுகள் ஒரே திசையில். நடுத் தகட்டின் அச்சு அவற்றிலிருந்து சுமார் 70 டிகிரி விலகி. மூன்றும் சேர்ந்தால், நிறம் மாறும்போது ஓர் அடுக்கு செய்யும் பிழையை மற்ற அடுக்குகள் பெருமளவு கழித்துவிடும்.

இதை அவர் கண்டடைந்த வழி படம் வரைந்து பார்ப்பது. ஒளியின் ஒவ்வொரு நிலையையும் ஓர் உருண்டையின்மேல் ஒரு புள்ளியாகக் குறிக்கலாம் என்று பிரெஞ்சுக் கணித மேதை புவான்காரே முன்பே காட்டியிருந்தார். நடுக்கோட்டில் நேர்கோட்டு ஒளிகள், இரு துருவங்களில் இருபுற வட்ட ஒளிகள், இடையில் நீள்வட்டங்கள். தகடு என்பது அந்த உருண்டையைத் திருப்பும் கை. அரைத் தகடு அரைச் சுற்று, கால் தகடு கால் சுற்று. எந்த அச்சைச் சுற்றி, எந்த வரிசையில் திருப்பினால் புள்ளி துருவத்துக்குப் போய்ச் சேரும் என்பது வடிவக் கணிதக் கேள்வியாகிவிடுகிறது. இதே உருண்டையில் இன்னும் ஆழமாகப் போய் 1956-ல் அவர் எழுதியது, இன்று பஞ்சரத்தினம் கட்டம் என்ற பெயரில் உலகம் முழுவதும் பேசப்படுகிறது. 1980-களில் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயற்பியலில் தான் கண்ட கட்டத்தின் முன்னோடி அது என்று ஏற்றுக்கொண்டார். அதைக் கேட்கப் பஞ்சரத்தினம் இல்லை. 1969-ல் ஆக்ஸ்ஃபோர்டில், முப்பத்தைந்து வயதில் காலமாகிவிட்டார்.

தகடுகளை அடுக்கிப் பிழையைக் கழிக்கும் உத்தி இன்று திரைத் தொழிலில் புழங்குகிறது. ஓஎல்இடி திரையுள்ள செல்போனில் ஒளிவிடும் புள்ளிகளுக்குக் கீழே உலோக மின்வாய்கள் இருக்கின்றன. வெயிலில் அவை கண்ணாடிபோல் பளபளக்கும். அணைந்த திரை கறுப்பாகத் தெரிய வேண்டுமானால் அந்தப் பிரதிபலிப்பை அடக்க வேண்டும். நாணயத்தின்மேல் வைத்த சில்லு செய்ததும் அதுதான். போலராய்டும் கால் அலைத் தாளும் ஒட்டிய படலம் ஒன்றைத் திரைமேல் போர்த்திவிடுகிறார்கள். தனி ஒரு தாள் என்றால் கறுப்பு ஊதாவாகிவிடும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே ஓர் அரைத் தாளையும் சேர்த்து ஒட்டும் அமைப்பு ஒன்று உண்டு. போலராய்டின் கோடு 0 டிகிரி, அரைத் தாளின் அச்சு 15 டிகிரி, கால் தாளின் அச்சு 75 டிகிரி.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று நாமே சரிபார்த்துவிடலாம். 0 டிகிரியில் புறப்பட்ட ஒளி 15 டிகிரி அரைத் தாளில் இரட்டிப்பாகத் திரும்பி 30 டிகிரிக்கு வருகிறது. அங்கிருந்து 75 டிகிரி அச்சு 45 டிகிரி தள்ளி இருக்கிறது. கால் தாளுக்கு வேண்டியது மிகச் சரியாக அந்த 45. வட்டம் கிடைத்துவிட்டது. பச்சைக்கு இது ஒற்றைத் தாளைவிட ஒன்றும் மேலில்லை. வித்தியாசம் மற்ற நிறங்களில். நீலத்துக்கு அரைத் தாளும் அளவுக்கு மீறித் தாமதப்படுத்துகிறது, கால் தாளும் அப்படியே. ஆனால் அச்சுகள் விலகியிருப்பதால் உருண்டையின்மேல் முதல் பிழை புள்ளியை ஒரு பக்கம் தள்ள, இரண்டாவது பிழை அதைத் திரும்ப இழுத்துவருகிறது. 280, 140 நானோமீட்டர் தாள்கள், எல்லா நிறத்துக்கும் அதே நானோமீட்டர் தாமதம் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், 14 சதவீதமாக இருந்த நீலக் கசிவு ஒன்றரைச் சதவீத அளவுக்கு இறங்குகிறது. சிவப்பு 5-லிருந்து அரைச் சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. பிழை செய்யும் தாளின்மேல் பிழை செய்யும் இன்னொரு தாளை ஒட்டிக் கிடைத்த கறுப்பு அது.

திரையை நேராகப் பார்க்கும்வரை இந்தக் கணக்கு செல்லும். சாய்த்துப் பார்த்தால் ஒளி தாளுக்குள் சாய்வாகப் போகிறது. கடக்கும் தூரமும் மாறும், அச்சுகளின் சாய்வும் மாறித் தெரியும். அணைந்த திரையில் ஓரமாக ஒரு நிறச் சாயல் எழும். இதைவிடப் பெரிய விலை வேறொன்று. வெளி வெளிச்சத்தை அடக்க வைத்த போலராய்டு, திரை தானே வெளியிடும் ஒளியிலும் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது. அந்த நஷ்டத்தை ஈடுகட்டத் திரையை அதிகம் பிரகாசமாக்க வேண்டும், பேட்டரிதான் தேயும். 2021-ல் சாம்சங் வெளியிட்ட மடக்குப் போன் ஒன்றில் போலராய்டையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் மேல் அதனதன் நிறத்துக்கு வடிகட்டி போட்டுப் பிரதிபலிப்பைக் குறைத்தார்கள். அப்படிப்பட்ட திரையில் தாமதப்படுத்தத் தகட்டுக்கு வேலை இல்லை.